கூட்டு வியாபாரத்தில் லாபப் பங்கை மாற்றும்போது

கூட்டு வியாபாரத்தில் லாபம் எப்படிப் பிரிய வேண்டும் என்பதைப் பங்குதாரர்களின் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பொருந்தும். அதன் 13ஆவது பிரிவின்படி லாபமும் நட்டமும் சரிசமமாகப் பிரியும். கடையைக் கவனித்துக்கொள்வதற்காக எந்தப் பங்குதாரருக்கும் சம்பளம் கிடையாது. ஒருவர் பத்து வருடம் தனியாளாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும், அதனால் மட்டும் அவருக்குக் கூடுதல் பங்கு வந்துவிடாது. அவர் அதைக் கேட்டு, மற்றவரின் சம்மதத்தைப் பெற வேண்டும்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருவர் சேர்ந்து நடத்தும் ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருவரும் சமமாக முதல் போட்டார்கள். லாபமும் பாதிக்குப் பாதி. பிறகு ஒருவர் சென்னையில் குடியேறிவிட்டார். பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தின்போதும் அறை ஒதுக்குவது முதல் ஆட்களுக்குக் கூலி கொடுப்பது வரை மற்றவர் தலையில் விழுந்தது. வருட லாபம் 14,40,000 ரூபாய், ஆளுக்கு 7,20,000.

ஊரில் இருப்பவர் இரண்டு விதமாகக் கேட்கலாம். முதல் வழி, விகிதத்தை 60:40 என மாற்றுவது. அவருக்கு 8,64,000 ரூபாயும் சென்னைக்காரருக்கு 5,76,000 ரூபாயும் கிடைக்கும். இரண்டாவது வழி, விகிதத்தைத் தொடாமல் மாதம் 25,000 ரூபாய் சம்பளம் கேட்பது. வருடச் சம்பளம் 3,00,000 போக மீதி 11,40,000 பாதியாகப் பிரியும். அவருக்கு மொத்தம் 8,70,000, மற்றவருக்கு 5,70,000. வியாபாரம் நன்றாக நடக்கும் வருடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் மோசமான வருடத்தில்தான் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது கிரிவலத்துக்குத் தடை வந்தது. பௌர்ணமிக் கூட்டத்தை நம்பியிருந்த வியாபாரம் படுத்தது. அப்படியொரு வருடத்தில் லாபம் 4,00,000 ரூபாயாகக் குறைந்தால், 60:40 விகிதத்தில் 2,40,000, 1,60,000 எனப் பிரியும். சம்பள முறையில் நடத்துபவருக்கு 3,50,000. மற்றவருக்கு வெறும் 50,000. லாபம் 3,00,000க்கும் கீழே போனால், சென்னைக்காரர் தன் முதலிலிருந்து சம்பளத்துக்கு ஈடுகட்ட வேண்டியிருக்கும். 60:40 முறையில் நட்டம் வந்தால் கதை தலைகீழ்: நட்டத்துக்குத் தனி விகிதம் எழுதாவிட்டால், வேலையும் செய்து நட்டத்தில் 60 சதவீதத்தையும் சுமப்பவர் ஊரில் இருப்பவர்தான். சம்பள முறையைத் தேர்ந்தெடுத்தால், லாபம் 6,00,000க்குக் கீழே போனால் சம்பளம் பாதி, நட்டமானால் சம்பளம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் இருவருக்கும் நியாயமாக இருக்கும்.

பேச்சைத் தொடங்குமுன் கடைசி மூன்று வருடக் கணக்கை இருவர் கையிலும் இருக்கும்படி செய்ய வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. அதை மறைத்துவிட்டுக் கேட்டால் சந்தேகம்தான் மிஞ்சும். கோரிக்கை இப்படி இருக்கலாம்: “அண்ணே, நீங்கள் சென்னைக்குப் போனதிலிருந்து விடுதி வேலை முழுவதையும் நான் பார்க்கிறேன். இதே வேலைக்கு ஒரு மேனேஜரை வைத்தால் மாதம் இவ்வளவு ஆகும். அதைச் சம்பளமாக எடுத்துக்கொண்டு மீதியைப் பழையபடி பாதியாகப் பிரிக்கலாமா? வருகிற ஏப்ரல் 1 முதல் போதும். பழைய கணக்கைத் தொட வேண்டாம்.”

சம்மதம் கிடைத்தால் அதைத் திருத்த ஒப்பந்தமாக முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வருமான வரியில் பங்குதாரர் சம்பளத்தைச் செலவாகக் காட்ட, அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய காலத்துக்கு அது செல்லாது. புதிய ஒப்பந்தத்தின் நகலை ஆடிட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். எழுதாமலே வருடக்கணக்கில் 60:40 எனப் பிரித்து, மற்றவரும் மறுக்காமல் வாங்கி வந்திருந்தால், நடைமுறையால் வந்த சம்மதமாக 11ஆவது பிரிவு அதை ஏற்கக்கூடும். ஆனால் தகராறு வந்தால் அதை நிரூபிக்கும் பாரம் அப்படிச் சொல்பவருக்கே.

சம்மதம் கிடைக்காவிட்டால் பழைய விகிதமே தொடரும். கல்லாவிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்வது கணக்கு வழக்கில் சிக்க வைக்கும். காலக்கெடு குறிப்பிடாத கூட்டாண்மை என்றால், 43ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து அதைக் கலைக்க முடியும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு வழி இருந்தால் முதலில் அங்கே போக வேண்டும். பதிவு செய்யாத கூட்டாண்மையில் ஒப்பந்த உரிமையைக் கேட்டுப் பங்குதாரர் மேல் வழக்குத் தொடர 69ஆவது பிரிவு தடை போடுகிறது. கலைப்பு கேட்டோ, கலைந்த கூட்டாண்மையின் கணக்கைக் கேட்டோ தொடரும் வழக்குக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பங்கை மாற்றும் வேளையில், இதுவரை பதிவு செய்யாத கூட்டாண்மையை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.