பெட்டியை மூடுகிறவருக்குத் தெரிய வேண்டியது

தீபாவளிக்கு முந்தைய வாரம். இனிப்புக் கடைக்குப் போனில் ஓர் ஆர்டர் வருகிறது. மதுரையில் இருக்கும் அத்தைக்கு அரைக் கிலோ மைசூர்பாகு. கூடவே வாழ்த்து அட்டை வேண்டும், பில்லை உள்ளே வைக்கக் கூடாது. சென்னையில் அண்ணன் வீட்டுக்கு அரைக் கிலோ மிக்சர். அங்கே குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. போன் எடுத்தவர் இத்தனையையும் கணினியில் 'குறிப்பு' என்ற ஒரே கட்டத்தில் வரிசையாக அடித்துவிடுகிறார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேக்கிங் மேஜைக்கு வருவது கணினித் திரை அல்ல, ஒரு துண்டுச் சீட்டு. பல கடைகளின் சீட்டில் பொருள், எடை, முகவரி மட்டுமே அச்சாகும். குறிப்பு அச்சானாலும் முதல் வரியோடு நின்றுவிடலாம்; கடைசியில் அடித்த வேர்க்கடலைதான் விடுபடும். ஆர்டர் இரண்டு பார்சலாகப் பிரியும்போது குறிப்பு மதுரைப் பெட்டியோடு போய்விடுவதும் உண்டு. வாழ்த்தைத் தமிழில் அடித்திருந்தால், சில சிறு பில் மெஷின்களில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து விழும்.

ஒவ்வொரு குறிப்பையும் அது எதைப் பற்றியதோ அதனடியில் பதிவதே சரியான வழி. வாழ்த்தும் 'பில் வேண்டாம்' என்பதும் மதுரை முகவரிக்குக் கீழே வர வேண்டும். ஒவ்வாமை, மிக்சர் என்ற வரிக்கு நேர் கீழே, அச்சில் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

ஒவ்வாமைக் குறிப்பு பேக்கிங்குக்கு மட்டும் போனால் போதாது. கலந்துவிட்ட மிக்சரிலிருந்து கடலையைப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை. கடலை போடாமலே செய்தாலும், செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் பொரித்தால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் அதில் இருக்கக்கூடும். அதனால் ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்பே சரக்கு மாஸ்டரிடம் கேட்க வேண்டும். இந்த ஆர்டருக்கு அவர் முடியாது என்கிறார். வாடிக்கையாளரிடம் அதை மறைக்காமல் சொல்ல, அவர் மிக்சருக்குப் பதில் தனிப் பாத்திரத்தில் கிண்டும் பால்கோவாவுக்குச் சம்மதிக்கிறார்.

இப்போது பழைய சீட்டைக் கிழித்தெறிவது முக்கியம். காலையில் அச்சான சீட்டு மேஜையில் கிடந்தால், மாலையில் மாற்றியது கணினிக்குள்ளேயே தங்கிவிடும். புதுச் சீட்டில் பால்கோவாவின் அடியில் 'வேர்க்கடலை ஒவ்வாமை: தனிக் கரண்டி, புதுக் கையுறை' என்று இருக்க வேண்டும். கட்டுகிறவர் அதை வாசித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியை ஒட்ட வேண்டும்.

ஒவ்வாமைக் கட்டத்தை வெற்றாக விடவும் கூடாது. வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு, வாடிக்கையாளர் ஒன்றுமில்லை என்று சொன்னாரா, யாரும் அவரைக் கேட்கவே இல்லையா என்பது தெரியாது. கேட்டு, இல்லை என்று சொன்னால் 'கேட்டாயிற்று, இல்லை' என்றே எழுதலாம். கட்டம் வெற்றாக இருந்தால் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வாடிக்கையாளருக்குப் போன் செய்ய வேண்டும்.