நுளம்புக்குக் காய்ச்சல் தேவையில்லை

ஏப்ரல் 25 உலக மலேரியா நாள். அதற்கான பக்கம் இன்றிரவு அச்சுக்குப் போகவேண்டும். அதற்குள், கற்பிட்டி, உடப்பு, முந்தல் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாக் கடிதங்களும் சுற்றிவளைத்து ஒன்றைத்தான் கேட்கின்றன. இலங்கையில் மலேரியா இல்லை என்று சான்றிதழே வாங்கியாயிற்று, எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சலும் இல்லை, பிறகு ஏன் வெளிநாடு போய் வந்தவரின் விரலைக் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள்?

சான்றிதழிலிருந்தே தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது 2016 செப்டெம்பர் 5 இல். உள்ளூரில் நுளம்பு கடித்து மலேரியா வந்தவர் மூன்று ஆண்டுகளாக எவருமில்லை என்பதுதான் அதன் பொருள். கடைசி ஆள் 2012 ஒக்டோபரில் பதிவானவர். வெளியிலிருந்து ஒட்டுண்ணியைச் சுமந்து வருபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றினாலும் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. 2018 டிசெம்பரில் மொனராகலையில் அதுவே நடந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் உடலிலிருந்த வைவாக்ஸ் ஒட்டுண்ணி, நம் ஊர் நுளம்பு ஏறி நம் ஊர்க்காரருக்கு வந்தது. ஒரே இடத்தில், ஒரே இன ஒட்டுண்ணியால், ஆண்டுக்கு மூன்று பேராவது என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால்தான் நோய் மீண்டும் வேரூன்றியதாக ஒப்புக்கொள்வார்கள். தாராளமான வரையறைதான். ஆனால் நுளம்பு அதை வாசிப்பதில்லை.

இப்போது கடிதங்களின் முடிச்சுக்கு வருவோம். மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கும் வடிவம் ஒன்று, நுளம்புக்குப் போகும் வடிவம் வேறொன்று. செங்குழியத்துக்குள் பெருகி அதை வெடித்துக்கொண்டு வெளியேறும் ஒட்டுண்ணிகள்தான் நடுக்கத்தையும் காய்ச்சலையும் தருகின்றன. ஆனால் பெருகுபவற்றில் மிகச் சிறு பங்கு, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், வேறு வழிக்குத் திரும்பிவிடுகிறது. அவை பிரிவதில்லை, வெடிப்பதுமில்லை. ஆணாகவோ பெண்ணாகவோ முதிர்ந்து செங்குழியத்துக்குள்ளேயே காத்திருக்கின்றன. இவைதான் கமீட்டோசைட்டுகள். மனிதருக்கு இவற்றால் உடம்பு நோவு ஒன்றுமில்லை. நுளம்புக்குத் தொற்றுவது இவை மட்டுமே.

ஆபிரிக்காவிலிருந்து அதிகம் வரும் ஃபல்சிபாரம் இனத்தில் இந்த முதிர்ச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். அதுவரை அவை எலும்பு மச்சையில் ஒதுங்கியிருக்கும், விரலைக் குத்தினால் அகப்படா. முதிர்ந்து பிறை வடிவில் இரத்தத்துக்கு வரும்போது நோயாளி மருந்து குடித்து, காய்ச்சல் விட்டு, வேலைக்கே போயிருப்பார். காய்ச்சலைத் தணிக்கும் மருந்து முதிர்ந்த பிறைகளை அவ்வளவாகத் தொடாது. அதற்காகத்தான் பிரைமகுயின் ஒரே வேளையாகக் கூடக் கொடுக்கப்படுகிறது. வைவாக்ஸ் இதற்கு நேர்மாறு. அதன் கமீட்டோசைட்டுகள் சில நாட்களிலேயே தயாராகி, பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும் முன்பே இரத்தத்தில் சுற்றுகின்றன. ஆள் வைத்தியசாலைக்குப் போக நினைப்பதற்குள் நுளம்பு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

நான் அதிக நேரம் செலவழித்தது ஒரு சின்னக் கணக்கில். மருந்து குடித்துக் காய்ச்சல் விட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது இரத்தத்தில் ஒரு மைக்ரோலீற்றருக்கு ஒரு கமீட்டோசைட்தான் மிச்சமிருக்கிறது. பரிசோதகர் தடித்த பூச்சில் நூறு புலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். பொறுமையாகச் செய்தாலும் அவர் பார்த்தது ஏறத்தாழ கால் மைக்ரோலீற்றர். ஒன்றாவது கண்ணில் படுவது ஐந்து முறைக்கு ஒரு முறைதான். மற்ற நாலு முறையும் அறிக்கையில் ‘இல்லை’. ஆனால் நுளம்பு ஒரு தடவைக்கு உறிஞ்சுவது இரண்டு மைக்ரோலீற்றர் அளவில், பரிசோதகர் பார்த்ததைப்போல் எட்டு மடங்கு. அதற்கு ஒன்று போதாது, ஆணும் பெண்ணும் வேண்டும். ஆணுக்கு மூன்று பெண் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து வயிற்றுக்குள் போவது பத்து முறைக்கு மூன்று முறை. இது உச்சவரம்பு, உள்ளே போனவற்றில் பல அங்கேயே அழியும். ஆனாலும் நாம் தவறவிடும் அளவில் நுளம்புக்கு வாய்ப்பு இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. ‘எதிர்மறை’ என்ற முத்திரையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிகிறது.

நுளம்பின் வயிற்றில் நடப்பது இன்னும் விநோதம். நம் உடல் சூட்டிலிருந்து சுமார் ஐந்து பாகை குறைந்ததும், நுளம்பின் உடலிலுள்ள ஒரு வேதிப்பொருளும் சேர்ந்து, ஆண் கமீட்டோசைட்டைத் தூண்டிவிடும். கால் மணி நேரத்தில் அது எட்டுப் பாலணுக்களாகப் பிரிந்து வாலடித்து வெளியேறும். அவை பெண்ணைச் சேர்ந்து, இரண்டு வாரமளவில் நுளம்பின் உமிழ்நீரில் தொற்றுவடிவம் வந்துவிடும்.

இங்கே கொழும்புப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விட மனமில்லை. கமினி மெண்டிஸும் உடன் ஆய்வாளர்களும் 1990களின் தொடக்கத்தில் வைவாக்ஸ் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். நடுக்கமும் காய்ச்சலும் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரங்களில், உடல் சுரக்கும் பொருட்கள் கமீட்டோசைட்டுகளைச் செயலிழக்க வைப்பதைக் கண்டார்கள். நோயாளி நடுங்கிக் கிடக்கும் அந்த நேரத்தில் நுளம்புக்கு அவரால் பயன் குறைவு. எழுந்து நடமாடும்போது பயன் அதிகம். காய்ச்சலோடு வருபவரை மட்டும் பிடித்துப் பரிசோதிக்கும் கண்காணிப்பு எங்கே ஓட்டையாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

புத்தளத்துக்கு இது ஏன் பொருந்துகிறது? பருவத்துக்கு வாடியடித்து இடம் மாறும் மீனவர்களும், வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்புபவர்களும் இந்தக் கரையில் உண்டு. நுளம்பும் உண்டு. 1934–35 கொள்ளைநோயில் மழை பொய்த்துத் தெதுரு ஓயா குட்டை குட்டையாகத் தேங்கியபோது பெருகிய குலிசிஃபேசிஸ் இன்னும் தீவிலிருந்து போகவில்லை. உவர்நீரில் பெருகும் சப்பிக்டஸ் வகையும் கரையோரங்களில் இருக்கிறது. வடக்கே அடுத்த மாவட்டமான மன்னாரில், கிணறுகளில் பெருகும் ஸ்டெஃபென்சி 2016 இல் அகப்பட்டது. 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஆண்டுக்கு ஐந்து இலட்சத்தைத் தாண்டியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

காய்ச்சலில்லாத எல்லோரும் பரப்புவார்களா? இல்லை, கமீட்டோசைட் உள்ளவர் மட்டுமே.

தொட்டால், இருமினால் தொற்றுமா? தொற்றாது.

விரைவுப் பரிசோதனை அட்டை போதாதா? ஃபல்சிபாரத்துக்கு அது தேடும் புரதம் நோய் மாறிய பிறகும் வாரக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும்; கமீட்டோசைட் உண்டா இல்லையா என்று அட்டை சொல்லாது.

பிரைமகுயினை எல்லோரும் குடிக்கலாமா? கர்ப்பிணிகளுக்குக் கூடாது, ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்குச் செங்குழியம் உடையக்கூடும், வைத்தியர் சொன்னால் மட்டும்.

வைவாக்ஸுக்கு அது ஏன் பதினான்கு நாள்? ஈரலில் உறங்கும் வடிவம் மாதங்கள் கழித்துத் திரும்பும்; மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துபவருக்குத்தான் அது திரும்புவது அதிகம்.

வெளிநாட்டிலிருந்து வந்து எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும்? ஒரு வருடம், அதற்குள் காய்ச்சல் வந்தால் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.