பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகுமா?

காக்களூர்த் தொழிற்பேட்டையில் அடிபட்ட தொழிலாளி திருவள்ளூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்படுகிறான். 2022-ம் வருஷம் முதல் அந்த ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. ஆகவே அவனுடைய காயம் அவனுக்கு வேதனை, மாணவருக்கோ பாடம். மாணவர் அவனைப் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண் பெறுகிறார். பெயரிருந்த இடத்தில் “திரு. எக்ஸ்” என்று எழுதிவிட்டால் இரகசியம் காக்கப்பட்டதாக அவர் எண்ணுகிறார். இவ்வெண்ணம் எவ்வளவு பிசகானது என்பதை நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பே காட்டும்.

1998-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி “மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்” என்னும் வழக்கில் தீர்ப்பு வெளியாயிற்று. சென்னை ஆஸ்பத்திரியொன்றில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அது வெளியே பரவி, அவருடைய கல்யாணம் நின்றது. அவர் நஷ்டஈடு கோரினார், கிடைக்கவில்லை. தீர்ப்பின் நியாயம் இங்கே நமது விஷயமன்று. அது எழுதப்பட்ட முறையே விஷயம். வழக்காளியின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் எழுத்துக்களாக மாற்றப்பட்டன. ஆனால் அவர் பெற்ற பட்டங்கள், எந்த ராஜ்யத்தில் எந்த உத்தியோகம், எந்த வருஷங்களில் என்பனவெல்லாம் வரிசையாக எழுதப்பட்டன. அவர் யாருக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தாரோ அந்நோயாளியின் பெயரும் அச்சேறியது. அவ்வூரார் அவரை அறிய வேறென்ன வேண்டும்?

மாணவரின் கட்டுரையிலும் இதே பிழைதான் நேர்கிறது. நாமே கற்பனை செய்த ஓர் உதாரணத்தைப் பாருங்கள்: “திரு. எக்ஸ், வயது 34, ஒடிசாக்காரர். காக்களூரில் பவர் பிரஸ் ஓட்டுபவர். மார்ச் 14 இரவு ஷிப்டில் வலக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. அறுவைக்கு முன் செய்த சோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது.” பெயர் இல்லை, ஆனால் அந்த இரவில் அந்த ஷிப்டில் அடிபட்டவன் ஒருவனே. விபத்தை மேஸ்திரியும் அறிவார், உடன் வேலை செய்தோரும் அறிவர். அவர்கள் அறியாதது நோய் ஒன்றுதான். அதைக் கட்டுரை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. ஒப்பந்தக் கூலியின் பிழைப்புக்கு அதுவே முடிவாகலாம்.

திருத்தும் வழி கடினமன்று. வயதை “முப்பதைக் கடந்தவர்” என்க. ஊர், மாகாணம், ஆஸ்பத்திரி, வார்டு, டாக்டரின் பெயர் ஆகியவற்றை நீக்குக. தேதிக்குப் பதில் “சேர்ந்த முதல் நாள்”, “மூன்றாம் நாள்” என்று கணக்கிடுக. ஆனால் முப்பத்துநான்கை அறுபதாக்க வேண்டா. ஆறும் காலம் வயதோடு மாறுமாதலின் அது பாடத்தையே பொய்யாக்கும். மங்கலாக்குவது வேறு, பொய் கூறுவது வேறு. பின்னர், கட்டுரை எதைக் கற்பிக்க வந்தது என்று கேட்டுக்கொள்க. நசுங்கிய விரலின் சிகிச்சையாயின் எச்.ஐ.வி.யை விடுக, எச்.ஐ.வி. உள்ளவரின் காயம் ஆறும் விதமாயின் இயந்திரத்தையும் ஷிப்டையும் விடுக. ஊரறிந்த செய்தியும் ஊரறியாத செய்தியும் ஒரே பக்கத்தில் சந்திக்கலாகாது. இரண்டும் இன்றியமையாதனவெனில், நோயாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

அந்தச் சம்மதப் பத்திரத்தையே கட்டுரையின் பின்னால் இணைப்போரும் உண்டு! முன்னே மறைத்த பெயர் பின்னே கையெழுத்தாக நிற்கிறது. பத்திரம் ஆசிரியரிடம் தனியே பூட்டப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தின் மூலையில் அச்சான பெயரையும் எண்ணையும் பலர் கவனிப்பதில்லை. புகைப்படத்தில் கண்ணின்மேல் கறுப்புப் பட்டை இடுவதும் போதாது. பச்சை குத்திய கை ஆளைக் காட்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2002-ம் வருஷத்திய இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, ஆள் இன்னாரென்று அறியத்தக்க விதத்தில் நோயாளியின் வரலாற்றை அவருடைய அனுமதியின்றிப் பத்திரிகைகளில் வெளியிடலாகாது. பெயரைச் சொன்னாரா என்பதன்று, அறிய முடியுமா என்பதே அங்கே அளவுகோல். அவ்விதி பதிவு பெற்ற டாக்டர்களுக்கே உரியது. ஆனால் 2017-ம் வருஷத்திய எச்.ஐ.வி. சட்டம் டாக்டர்களோடு நிற்பதன்று. நம்பிக்கையின்பேரில் அறிந்த நிலைமையைச் சம்மதமின்றி வெளியிடக்கூடாதென்று பொதுவாகவே அது விதிக்கிறது. மாணவர் அதற்கு விலக்கல்லர்.

ஆதலின் கல்லூரிகள் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கட்டுரையின் மருத்துவத்தைத் திருத்துமுன் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கட்டும்: “இதை அத்தொழிற்சாலை மேஸ்திரி படித்தால் ஆளைக் கண்டுகொள்வாரா?” ஆம் என்றால் மதிப்பெண் இடாமல் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கட்டும். மேஸ்திரியிடமே காட்டிச் சோதிக்க வேண்டா. அதுவே இரகசியத்தை உடைப்பதாகும்.