16 ஜிபி ரேம் இருந்தும் பாதியில் நிற்கும் ரெண்டரிங்: மடிக்கணினியின் வீடியோ நினைவகம் நிரம்புவது ஏன்?

முப்பரிமாண வடிவமைப்பு பயிலும் மாணவர்களும் கட்டட உள்ளலங்கார வடிவமைப்பாளர்களும் பரவலாக எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உள்ளது. பல நாட்கள் உழைத்து உருவாக்கிய காட்சியை இறுதிப் படமாக மாற்றும் ரெண்டரிங் கட்டத்தில், "System is out of GPU memory" என்ற பிழைச் செய்தியுடன் மென்பொருள் நின்றுவிடுகிறது. மடிக்கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. அதில் பாதி காலியாகவும் இருக்கிறது. அப்படியிருந்தும் நினைவகம் போதவில்லை என்று கணினி கூறுவது ஏன்?

இரண்டு வெவ்வேறு நினைவகங்கள்

தனி வரைகலை சிப் கொண்ட மடிக்கணினியில் இரண்டு நினைவகங்கள் உள்ளன. ஒன்று, அனைத்து மென்பொருள்களும் பயன்படுத்தும் ரேம். மற்றொன்று, வரைகலை சிப்புக்கு மட்டும் உரிய வீடியோ நினைவகம். இது சிப்பை ஒட்டி மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருப்பதால், ரேமைப் போலப் பின்னர் கூட்ட முடியாது.

ரேமின் ஒரு பகுதியை வரைகலை சிப் கடனாகப் பெற முடியும். ஆனால் அதற்கான பாதை குறுகலானது. எடுத்துக்காட்டாக, மடிக்கணினிகளுக்கான ஆர்டிஎக்ஸ் 4050 சிப் தனது 6 ஜிபி வீடியோ நினைவகத்திலிருந்து நொடிக்குச் சுமார் 192 ஜிபி தரவைப் பெறுகிறது. ரேமுக்குச் செல்லும் பாதையிலோ நொடிக்குச் சுமார் 16 ஜிபி மட்டுமே வரும். அதாவது 12-ல் ஒரு பங்கு. எனவே கடன் வாங்கிய இடத்தில் வேலை நடந்தாலும் வேகம் வெகுவாகக் குறையும். மேலும், எல்லா வகைத் தரவையும் அவ்வாறு வெளியே வைக்க இயலாது. அந்த நிலையில்தான் பிழைச் செய்தி தோன்றுகிறது.

விளையாட்டு ஓடுகிறது, ரெண்டரிங் ஓடுவதில்லை

அதே மடிக்கணினியில் பெரிய வீடியோ கேம்கள் தடையின்றி ஓடுவது பலரைக் குழப்புகிறது. கேம்களில் பொருட்களின் மேற்பரப்புப் படங்கள், அதாவது டெக்ஸ்சர்கள், சுருக்கப்பட்ட வடிவிலேயே வீடியோ நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. தொலைவில் உள்ளவற்றுக்குச் சிறிய பிரதிகள் போதும். தேவையற்றவை உடனுக்குடன் நீக்கப்படுகின்றன.

பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் போன்ற ஒளிக்கதிர் வழி ரெண்டரிங் முறையில் இது எளிதன்று. ஓர் ஒளிக்கதிர் சுவரில் பட்டு, தரையில் தெறித்து, கேமராவுக்குப் பின்னால் உள்ள அலமாரியையும் தொடக்கூடும். எந்தக் கதிர் எங்கே செல்லும் என்பதை முன்கூட்டியே கூற முடியாது. ஆகவே, படத்தில் தெரியாத பொருட்கள் உட்பட முழுக் காட்சியும் நினைவகத்தில் தயாராக இருக்க வேண்டியுள்ளது.

கோப்பின் அளவு ஏமாற்றும்

4கே டெக்ஸ்சர் ஒன்று ஜேபெக் கோப்பாக வட்டில் 5 எம்பி மட்டுமே இருக்கலாம். ரெண்டரிங்கின்போது அந்தச் சுருக்கம் பிரிக்கப்படுகிறது. 4,096 அகலமும் 4,096 உயரமும் கொண்ட படத்தில் ஏறத்தாழ 1.68 கோடி புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு வண்ணப் புள்ளிக்கும் 4 பைட் வீதம் அது 64 எம்பி ஆகிறது. அதே படம் 8கே அளவில் இருந்தால் 256 எம்பி. 2கே அளவில் இருந்தால் 16 எம்பி.

ஓர் அறையின் கணக்கு

6 ஜிபி, அதாவது 6,144 எம்பி வீடியோ நினைவகம் கொண்ட மடிக்கணினியில் ஒரு வரவேற்பறைக் காட்சி உருவாக்கப்படுவதாகக் கொள்வோம். மரம், துணி, கல், உலோகம் என 25 பொருள் வகைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் ஆகியவற்றுக்காக 3 வண்ணப் படங்கள். மொத்தம் 75 படங்கள், அனைத்தும் 4கே. இவை மட்டுமே 4,800 எம்பி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ், இணைய உலாவி, பிளெண்டரின் பணித்திரை ஆகியவற்றுக்கு 800 எம்பி ஒதுக்கினால், மீதம் இருப்பது 544 எம்பி மட்டுமே.

அறையில் 1 லட்சம் முகங்கள் கொண்ட ஒரு கம்பளம் இருக்கிறது. அதை மென்மையாக்க "Subdivision Surface" பயன்படுத்தப்பட்டுள்ளது. இதில் ஒவ்வொரு நிலைக்கும் முகங்களின் எண்ணிக்கை 4 மடங்காகும். பணித்திரைக்கு ஒரு நிலையும் ரெண்டரிங்குக்கு வேறொரு நிலையும் வைக்க முடியும் என்பதே இதிலுள்ள பொறி. பணித்திரையில் நிலை 1 எனில் 4 லட்சம் முகங்கள். ரெண்டரிங்கில் நிலை 3 எனில் 64 லட்சம் முகங்கள், அதாவது 1.28 கோடி முக்கோணங்கள். கதிர்கள் விரைவாகத் தேடுவதற்கான அட்டவணையையும் சேர்த்து, ஒரு முக்கோணத்திற்கு 50 பைட் என்று குறைவாக மதிப்பிட்டாலும் 610 எம்பி தேவை. மீதமுள்ள இடமோ 544 எம்பி. பணித்திரையில் சீராகத் தெரிந்த காட்சி, ரெண்டரிங் பொத்தானை அழுத்தியதும் நின்றுபோவதற்குக் காரணம் இதுவே.

எப்படிக் கண்டறிவது?

விண்டோஸ் "Task Manager"-ல் "Performance" பகுதியில் வரைகலை சிப்பைத் தேர்ந்தெடுத்தால் "Dedicated GPU memory", "Shared GPU memory" என்ற இரு அளவுகள் தெரியும். முதலாவது உச்சத்தைத் தொட்டு நிற்க, இரண்டாவது ஏறத் தொடங்கினால், வீடியோ நினைவகம் நிரம்பிவிட்டது என்று பொருள். 5 நிமிடங்களில் முடிந்த படம், ஒரேயொரு பொருளைச் சேர்த்த பிறகு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் அதுவும் இதன் அறிகுறியாக இருக்கலாம்.

பலனளிப்பவை எவை?

பலரும் முதலில் சாம்பிள் எண்ணிக்கையைக் குறைக்கின்றனர். அது நேரத்தை மிச்சப்படுத்துமே தவிர, இடத்தை மிச்சப்படுத்தாது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ரெண்டர் செய்தாலும் காட்சியின் சுமை குறைவதில்லை.

உண்மையான மிச்சம் டெக்ஸ்சர்களில்தான் கிடைக்கும். 1,920 புள்ளி அகலமுள்ள இறுதிப் படத்தில் 200 புள்ளி அகலமே தெரியும் பூச்சாடிக்கு 4கே படம் தேவையில்லை. மேற்கண்ட அறையில் கேமராவுக்கு அருகிலுள்ள 5 பொருள் வகைகளை 4கே அளவிலேயே விட்டு, மற்ற 20 வகைகளை 2கே ஆக மாற்றினால் டெக்ஸ்சர்களின் சுமை 4,800 எம்பியிலிருந்து 1,920 எம்பியாகக் குறைகிறது. கம்பளத்துக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. படத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதும் அரிது. எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தில் வரம்பு விதிக்க, பிளெண்டரில் "Simplify" பகுதியில் "Texture Limit" வசதி உள்ளது.

ஒரே நாற்காலியைப் பலமுறை வைக்கும்போது Shift+D-க்குப் பதிலாக Alt+D பயன்படுத்தினால், வடிவத் தரவு ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படும். இவை எதுவும் போதாத நிலையில், ரெண்டரிங் சாதனத்தை சிபியு என மாற்றலாம். அப்போது ரேம் பயன்படும். நேரம் கூடுதலாகும், ஆனால் ரேமில் இடம் இருக்கும்வரை பணி நிறைவேறும்.

பெயர் ஒன்று, நினைவகம் வேறு

புதிய மடிக்கணினி வாங்குவோர் சிப்பின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஏமாற்றத்தில் முடியலாம். ஆர்டிஎக்ஸ் 4070 என்ற பெயரில் மேசைக்கணினி அட்டையில் 12 ஜிபி வீடியோ நினைவகம் உள்ளது; அதே பெயருடைய மடிக்கணினி சிப்பில் 8 ஜிபி மட்டுமே. ரேமைப் பின்னர் கூட்டிக்கொள்ள வாய்ப்புள்ள மடிக்கணினியிலும் வீடியோ நினைவகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. வாங்கும் நாளில் இருக்கும் அளவே அந்தக் கணினியின் இறுதிநாள் வரைக்குமான அளவு.