பில்லில் 70,800, வங்கியில் 64,800

சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு வடிவமைப்பாளர், 2025 ஜூனில் ஒரு நிறுவனத்துக்கு பில் அனுப்புகிறார். கட்டணம் 60,000 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருப்பதால் 18 சதவீதம், அதாவது 10,800 தனி வரியில். மொத்தம் 70,800. வங்கிக்கு வந்ததோ 64,800.

குறைந்த 6,000 டிடிஎஸ். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை நிறுவனம் பிடித்து, அவருடைய பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிறது. ஜிஎஸ்டியைத் தனியே காட்டியதால் 60,000-க்கு மட்டுமே பிடித்தம். சேர்த்து எழுதியிருந்தால் 7,080 போயிருக்கும்.

பலர் பில்லிலேயே டிடிஎஸ்ஸைக் கழித்து 54,000 என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. பில்லில் முழுக் கட்டணம்தான் இருக்க வேண்டும். நிறுவனம் அதிலிருந்து மறுபடியும் பிடிக்கலாம், வருமானமும் குறைவாகத் தெரியும்.

ஏப்ரல்–ஜூன் பிடித்தத்துக்கான கணக்கை நிறுவனம் ஜூலை 31-க்குள் தாக்கல் செய்த பிறகு, படிவம் 26ஏஎஸ்-இல் நிறுவனத்தின் பெயருக்கு நேரே 60,000, பிடித்தது 6,000, கட்டியது 6,000 என்று வரும். வரவில்லையென்றால் முதலில் பில்லில் எழுதிய பான் எண்ணைச் சரிபாருங்கள். அது சரியென்றால், கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு எழுதுங்கள். அதை நிறுவனம்தான் செய்ய முடியும்.