சான்றிதழ் இருந்தும் சலுகை கிடைக்காதது ஏன்?

கோவையில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு இந்தோனேசியாவிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறி ஜகார்த்தா போய்ச் சேர்கிறது. அங்கே வாங்குபவரிடமிருந்து மெயில்: "சர்டிபிகேட் செல்லாது என்கிறார்கள், முழு வரி கட்டச் சொல்கிறார்கள்." உரிமையாளர் திகைக்கிறார். வர்த்தக சபையின் முத்திரையோடு, பொருள் இந்தியாவில் தயாரானது என்று தெளிவாகச் சொல்லும் சான்றிதழைத்தானே அனுப்பினோம்?

சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது வேறு வேலைக்கான சான்றிதழ்.

ஏற்றுமதியாளர்கள் சி.ஓ.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லும் மூலச் சான்றிதழில் இரண்டு வகை உண்டு. முதலாவது, சலுகை சாராத வகை. பொருள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று மட்டும் அது சொல்லும். வாங்கும் நாட்டின் விதி கேட்கலாம், கடன் கடிதம் திறந்த வங்கி கேட்கலாம். வர்த்தக சபைகளும் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்புகளும் இதைத் தருகின்றன. இரண்டாவது, சலுகை வகை. இரு தரப்பும் போட்டுக்கொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி இந்தப் பொருளுக்கு வரி குறைப்பு உண்டு என்று காட்டுவது இதுதான். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனிப் படிவம், தனி விதி. ஆசியான் நாடுகளுடன் 2010 முதல் நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு ஃபார்ம் ஏ.ஐ. என்று பெயர். நம் கோவைக்காரருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

யார் யார் தரலாம் என்பதை அயல்நாட்டு வர்த்தக இயக்குநரகம் (டி.ஜி.எஃப்.டி.) பட்டியலிட்டிருக்கிறது. சலுகை வகைக்கு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் பின்னிணைப்பு 2பி, மற்றதற்கு 2இ. ஆசியானுக்குப் போகும் பம்பு போன்ற பொறியியல் பொருள் என்றால் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் கீழ் இயங்கும் முகமையை அணுக வேண்டும். சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. மீன், இறால் என்றால் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். துணிமணிக்கு ஜவுளிக் குழு. விண்ணப்பமெல்லாம் இப்போது trade.gov.in தளத்தில்தான். சபையில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக அங்கே போய் வாங்கினால், இந்தோனேசியச் சுங்கம் அதை வரிச் சலுகைக்கான தாளாகப் பார்க்காது.

சரியான அலுவலகத்துக்கே போனாலும், பொருள் தகுதி பெறுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதியில் இரண்டு நிபந்தனைகள். ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளில் உருவான மதிப்பாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த உதிரிகளின் ஆறு இலக்க ஹெச்.எஸ். எண்ணும், முடிந்த பொருளின் எண்ணும் வேறுபட வேண்டும். சீன மோட்டார் 8501-இல் வரும், முடிந்த பம்பு 8413.70-இல் வரும், ஆகவே இரண்டாவது நிபந்தனை தேறிவிடும். முழு பம்பையே இறக்குமதி செய்து பெயர்ப்பலகை மாற்றினால் தேறாது.

சிக்கல் முதல் நிபந்தனையில். பம்பின் எஃப்.ஓ.பி. விலை, அதாவது நம் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான விலை, 10,000 ரூபாய் என்போம். சீன மோட்டார் 4,600 ரூபாய். பேரிங்கும் சீலும் உள்ளூர்க் கடையில் 1,200 ரூபாய்க்கு வாங்கியவை. உள்ளூரில் வாங்கினோம் என்பதால் அவை இந்தியப் பொருளாகிவிடாது. எங்கே செய்யப்பட்டவை என்று காட்ட ஆவணம் இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சரக்காகவே கணக்கு. ஆக வெளி மதிப்பு 5,800, உள்நாட்டு மதிப்பு 42 சதவீதம். தேர்ச்சிதான்.

இப்போது வாங்குபவர் பேரம் பேசி 12 சதவீதம் குறைக்கிறார். விலை 8,800 ஆகிறது. உதிரிகளின் விலை மாறவில்லை. 8,800-இல் 5,800 போக மிச்சம் 3,000, அது 34.1 சதவீதம்தான். தள்ளுபடி கொடுத்ததாலேயே பொருள் தகுதி இழந்துவிட்டது! விற்பனைப் பிரிவு இதைச் சொல்லாமலே ஆர்டரை முடித்துவிடும். பழைய விலைக்குப் போட்ட கணக்கை வைத்தே அடுத்த விண்ணப்பமும் போகும். இப்படித்தான் நேர்மையான ஆட்களும் மாட்டிக்கொள்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை. பேரிங்கும் சீலும் இந்தியத் தயாரிப்புதான் என்றால் அவற்றைச் செய்த நிறுவனத்திடம் உறுதிமொழி வாங்கி வைத்தால் போதும். வெளி மதிப்பு 4,600 ஆகக் குறையும், உள்நாட்டுப் பங்கு 47 சதவீதத்தைத் தாண்டும்.

இதற்கு அடுத்து வருபவை தாளில் நேரும் தவறுகள். ஃபார்ம் ஏ.ஐ.-யில் ஹெச்.எஸ். எண் கேட்கும் இடத்தில் வாங்கும் நாட்டின் எண் வர வேண்டும். ஆறு இலக்கம் வரை உலகம் முழுக்க ஒன்றுதான், அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். ஏற்றுமதி பில்லில் இருக்கும் இந்திய எட்டு இலக்க எண்ணை அப்படியே எழுதினால் அங்கே பொருந்தாது. வாங்குபவரிடம் ஒரு வரி கேட்டு வாங்கிவிடலாம், பெரும்பாலோர் கேட்பதில்லை. விலைக் கட்டத்திலும் இப்படித்தான். அங்கே எஃப்.ஓ.பி. விலை வேண்டும். இன்வாய்ஸ் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலையில் இருந்தால், அந்தத் தொகையை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. போட்டால் 35 சதவீதக் கணக்கும் பொய்யாக ஊதிவிடும்.

தேதியையும் கவனிக்க வேண்டும். சான்றிதழ் ஏற்றுமதிக்கு முன்போ, அப்போதோ, கப்பலேறிய மூன்று வேலை நாட்களுக்குள்ளோ வழங்கப்பட வேண்டும். தாமதமானால் ஓராண்டுக்குள் வாங்கலாம், ஆனால் பின்னர் வழங்கப்பட்டது என்ற குறிப்பு அதில் இருந்தாக வேண்டும். சிங்கப்பூரில் உள்ள இடைத்தரகர் வேறு இன்வாய்ஸ் போட்டிருந்தால், மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஜகார்த்தாவில் காட்டும் இன்வாய்ஸும் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருந்தாமல் நிற்கும்.

கொழும்பு வழியாகப் போவதால் ஒரு கேள்வி எழும். இலங்கை இந்த ஒப்பந்தத்தில் இல்லை. இருந்தாலும் அங்கே கப்பல் மாறுவதால் மட்டும் சலுகை போகாது. இறக்கி ஏற்றியதைத் தவிர வேறு வேலை எதுவும் நடக்கவில்லை, சரக்கு அங்கே விற்பனைக்குப் போகவில்லை என்று காட்டினால் போதும். அதற்காகத்தான் தூத்துக்குடியிலிருந்து ஜகார்த்தா வரை ஒரே பில் ஆஃப் லேடிங் வேண்டும் என்று ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கொழும்பிலிருந்து புறப்பட்டதாக மட்டும் ஒரு பில் கையில் இருந்தால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

பிழை தெரிந்தால் வெள்ளை மை பூசித் திருத்தக் கூடாது. சுரண்டல், மேலெழுதல் எதற்கும் இடமில்லை. தவறை அடித்து, சரியானதை எழுதி, வழங்கிய அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும், அல்லது புதிதாக வாங்க வேண்டும். எழுத்துப்பிழை போன்ற சில்லறைத் தவறுக்காகச் சான்றிதழே செல்லாது என்று சொல்லக் கூடாது என ஒப்பந்தமே சொல்கிறது. பொருள் அதுதான் என்று தெரிந்தால் ஏற்க வேண்டும். சில்லறைத் தவறு எது என்று முடிவு செய்பவர் அங்கிருக்கும் சுங்க அதிகாரி, அதுதான் சங்கடம்.

பெரும்பாலும் அவர் நிராகரிப்பது சரக்கை அல்ல, சலுகையை. பம்புகள் திரும்பி வராது. வாங்குபவர் முழு வரியைக் கட்டியோ, பிணைத்தொகை வைத்தோ எடுத்துக்கொள்வார். சுங்க வரி 10 சதவீதம், சலுகையில் சுழியம் என்று வைத்தால், 50 லட்ச ரூபாய் சரக்குக்கு 5 லட்சம். தகராறு இழுத்தால் கன்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும். சந்தேகம் பெரிதென்றால் அந்நாட்டுச் சுங்கம் நம் ஆய்வு முகமைக்கு எழுதி, கணக்கைச் சரிபார்க்கச் சொல்லும். அப்போது மோட்டார் வாங்கிய இறக்குமதி பில், உதிரி விற்றவரின் உறுதிமொழி, உற்பத்திச் செலவுத் தாள் ஆகியவை கோவைக்காரரின் ஃபைலில் இருந்தால் பதில் போகும். இல்லையென்றால் அந்த 5 லட்சத்தை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறேன் என்று வாங்குபவர் எழுதுவார்.