பேலன்ஸ் பார்க்கவே பயமா இருக்கா? கண்ணை மூடிக்கொள்வதற்கு மாதம் எவ்வளவு செலவாகிறது தெரியுமா?

மாதக் கடைசி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடை. ஸ்கேன் செய்து 24 ரூபாய் போட்டு, பின் நம்பரையும் அடித்தாயிற்று. திரையில் சக்கரம் சுற்றுகிறது. “போயிடுச்சா?” என்கிறார் கடைக்காரர். பச்சை டிக் விழும்வரை மூச்சு நிற்கிறது. அதே ஆப்பில் ‘இருப்பைப் பார்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தொட மட்டும் விரல் போவதில்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்றோ பொறுப்பின்மை என்றோ நினைத்து, பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் இதற்கு ‘நெருப்புக்கோழி விளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் ஒரு நிதி ஆப்பைப் பயன்படுத்தியவர்களின் கணக்குகளை ஆர்னா ஓலாஃப்சன், மிகேலா பேகல் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். சம்பளம் வந்த நாட்களிலும் கையில் காசு இருக்கும்போதும் மக்கள் அடிக்கடி கணக்கைத் திறந்து பார்த்தார்கள். இருப்பு குறையக் குறைய, பார்ப்பதும் குறைந்தது. அதாவது, எப்போது பார்க்க வேண்டியது அவசியமோ, அப்போதுதான் பார்ப்பதில்லை.

நம்ம ஊரில் இதைப் பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை என்போம். பூனை கண்ணை மூடினாலும் வங்கியின் கணினி கண்ணை மூடுவதில்லை. அதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

19,000 சம்பளம், 18,410 இருப்பு

இது ஒரு மாதிரிக் கணக்கு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சொந்த ஊர். கள்ளக்குறிச்சி டவுனில் ஒரு கடையில் வேலை. நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஓர் இளைஞர். சம்பளம் 19,000 ரூபாய், 7-ம் தேதி வரும். வாடகைப் பங்கு 3,500, வீட்டுக்கு 5,000, சீட்டு 2,000, பைக் இஎம்ஐ 2,900, போன் இஎம்ஐ 1,600. மொத்தம் 15,000. சாப்பாடு, பெட்ரோல், பஸ் செலவுக்கு மீதி 4,000. இழுத்துப் பிடித்தால் ஓட்டிவிடலாம்.

சிக்கல் தேதியில் இருக்கிறது. போன் இஎம்ஐ 3-ம் தேதி, பைக் இஎம்ஐ 5-ம் தேதி. அந்த இரண்டு நாளும் கணக்கில் சில நூறு ரூபாய்தான் இருக்கும். கடன் கொடுத்த நிறுவனம் பணம் கேட்டு வங்கிக்கு அனுப்பும் கோரிக்கை, இருப்பு இல்லாமல் திரும்பிவிடுகிறது. இதைத்தான் ‘பவுன்ஸ்’ என்கிறோம்.

ஒரு பவுன்ஸுக்கு இரண்டு இடத்தில் கட்டணம் விழும். வங்கி ஒரு தொகை பிடிக்கும். கடன் கொடுத்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு தொகை சேர்க்கும். இது இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாக, வங்கிக்கு 250 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 295 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு 500 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 590. ஆக ஒரு பவுன்ஸுக்கு 885. இரண்டு இஎம்ஐக்கு 1,770 ரூபாய்.

3-ம் தேதியும் 5-ம் தேதியும் கணக்கில் காசு இல்லாததால், வங்கி தன் கட்டணத்தைச் சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்கிறது. அதனால் 7-ம் தேதி 19,000 இருக்க வேண்டிய இடத்தில் 18,410தான் இருக்கும். அடுத்த நாள் இரண்டு இஎம்ஐயையும் அபராதத்தோடு லிங்க் வழியாகக் கட்டுகிறார். கைச்செலவுக்கு இருந்த 4,000 ரூபாய், 2,230 ஆகிவிட்டது. “எங்க போகுதுன்னே தெரியலடா” என்று அறை நண்பரிடம் சொல்வது இந்தப் பணத்தைத்தான்.

வார விடுமுறைக்கு மலை ஏறினால் சிக்னல் விட்டு விட்டு வரும். திங்கட்கிழமை கச்சிராயப்பாளையம் இறங்கியதும் தேங்கியிருந்த மெசேஜ் எல்லாம் ஒன்றாக வந்து விழும். எதையும் திறக்காமல் அப்படியே தள்ளிவிடுவார். மாதம் 1,770 போகிறது என்ற செய்தி அந்தக் குவியலுக்குள்தான் இருக்கிறது.

முதல் நாள்: பார்ப்பது மட்டும்

முதல் முறை பார்க்கும்போது வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பட்ஜெட் போடுவது, கடன் அடைக்கத் திட்டம் தீட்டுவது எல்லாம் அப்புறம். இரவு படுக்கையில் பார்க்க வேண்டாம். பார்த்து என்ன செய்ய முடியும் என்றே தோன்றும். வங்கி திறந்திருக்கும் பகல் நேரமாகப் பாருங்கள். தொகையை ஒரு பேப்பரில் எழுதிவிட்டு ஆப்பை மூடிவிடுங்கள். தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லையென்றால் அக்காவையோ நெருங்கிய நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டேட்டா இல்லாத இடத்தில், வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# டயல் செய்தால் இணையம் இல்லாமலேயே இருப்பு தெரியும். சாதாரண போன் சிக்னலும் யுபிஐ பின்னும் இருந்தால் போதும்.

இரண்டாம் நாள்: மூன்று வரி எழுதுங்கள்

முதல் வரியில் இன்றைய இருப்பு. இரண்டாம் வரியில் அடுத்த சம்பளம் வரும்வரை தானாகப் போகப்போகும் தொகைகள், தேதியோடு. மூன்றாம் வரியில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பயத்துக்கு உருவம் இல்லாதவரை அது பெரிதாகத் தெரியும். ‘3-ம் தேதிக்கு 1,200 ரூபாய் குறைகிறது’ என்று எழுதிய பிறகு, அது 1,200 ரூபாய் பிரச்சினை மட்டும்தான்.

அடுத்து, கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். எல்லா வரியையும் படிக்க வேண்டாம். NACH, ECS, RTN, CHG, CHRG போன்ற எழுத்துகள் வரும் வரிகளை மட்டும் தேடுங்கள். பவுன்ஸும் கட்டணமும் பெரும்பாலும் இந்தப் பெயர்களில்தான் ஒளிந்திருக்கும். ஒரே மாதத்தில் ஒரே இஎம்ஐக்கு இரண்டு முறை கட்டணம் விழுந்திருந்தால், நிறுவனம் மறுபடியும் கோரிக்கை அனுப்பி அதுவும் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள்: ஒரே ஒரு போன்

‘இஎம்ஐ தேதிக்கு முன்னாடியே காசு எடுத்து வைக்க வேண்டியதுதானே’ என்று எல்லோரும் சொல்வார்கள். மேலே சொன்ன இளைஞரால் அது முடியாது. இந்த மாத இஎம்ஐயை 8-ம் தேதி கட்டிவிட்டு, அதே சம்பளத்தில் அடுத்த மாதத்துக்கும் 4,500 எடுத்து வைக்க வேண்டும். மீதி இருப்பதே 2,230.

அதனால் முதலில் கேட்க வேண்டியது தேதி மாற்றம். “என் சம்பளம் 7-ம் தேதி வருது. இஎம்ஐ தேதியை 10-க்கு மாத்தித் தர முடியுமா?” இந்த இரண்டு வாக்கியம் போதும். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். அதற்குப் புதிதாக ஒரு ஒப்புதல் படிவமும் சில நாள் வட்டியும் கேட்கலாம். பவுன்ஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

முடியாது என்று சொன்னால், சின்ன இஎம்ஐயிலிருந்து ஆரம்பிக்கலாம். 2,230-ல் மாதம் 800 ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் 1,600 சேரும். அதை 3-ம் தேதிக்கு முன் கணக்கில் வைத்தால் போன் இஎம்ஐ பவுன்ஸ் ஆகாது. அங்கேயே மாதம் 885 மிச்சம். அதையும் 800-ஐயும் சேர்த்தால் 1,685. இன்னும் இரண்டு மாதத்தில் பைக் இஎம்ஐக்கான 2,900-ம் தயார். வீட்டில் கைமாத்தாக ஒரே தடவை 1,600 கிடைத்தால் இரண்டு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும்.

ஒதுக்கும் பணத்தை டீக்கடையில் ஸ்கேன் செய்யும் கணக்கிலேயே வைத்தால் கரைந்துவிடும். வீட்டில் ஒருவரிடமோ, யுபிஐ இணைக்காத இன்னொரு கணக்கிலோ வைத்துவிட்டு 2-ம் தேதி மாற்றுவது பாதுகாப்பு.

மறந்துபோன பழைய கணக்கு

பார்க்காத கணக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2023-ல் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் கணக்கில் ஏறியது. சில பெண்களின் கணக்கில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பது போன்ற காரணங்களைச் சொல்லி வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொண்டதாகப் புகார் எழுந்தது. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது.

பழைய கம்பெனியில் திறந்த சம்பளக் கணக்கு ஒன்று இப்போது சும்மா கிடக்கிறதா? சம்பளம் வருவது நின்றுவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு கேட்க ஆரம்பிக்கலாம். 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்ததை வங்கி முதலில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. தேவையில்லாத கணக்கை மூடிவிடலாம், அல்லது குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேட்கலாம். தவறாகப் பிடித்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம்.

இந்த வழி எங்கே உதவாது?

மூன்றாவது வரி மாதாமாதம் மைனஸில்தான் வருகிறது என்றால், அது தேதிப் பிரச்சினை இல்லை, வரவே போதவில்லை. மரவள்ளியோ கரும்போ வெட்டும்போதுதான் வீட்டுக்குப் பணம் வரும் என்ற குடும்பங்களுக்கு, மாதாமாதம் கட்டும் இஎம்ஐ பொருந்தாமல் போவது இதனால்தான். அப்போது கடன் ஆப்பில் எடுத்து இஎம்ஐ கட்டுவது, அடுத்த மாதம் இரண்டாம் வரியை இன்னும் நீளமாக்கும். தவணை தேதிக்கு முன்பே நிறுவனத்திடம் பேசி, தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேட்பது நல்லது. தேதி தாண்டிய பிறகு பேசினால் அபராதத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

கடன் நினைப்பில் தூக்கமே போய்விட்டது, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், கணக்கு அப்புறம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மற்றவர்களுக்கு, வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரே நேரம் போதும். மலைக்குப் போகிறவர் சனிக்கிழமை பஸ் ஏறும் முன், சிக்னல் இருக்கும்போதே அந்த மூன்று வரியை எழுதிவிடலாம். திங்கட்கிழமை கச்சிராயப்பாளையத்தில் இறங்கி மெசேஜ் வந்து விழும்போது, அதில் என்ன இருக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.